வலது காதில் இரண்டு வெட்டு

கல்லூரியில் படித்த காலத்தில் எனக்கு மைக் கிடைத்தால் சோறு வேண்டாம். பேச்சுப் போட்டி எந்த ஊரில் என்றாலும் பஸ் ஏறிவிடுவேன். வெறுங்கையோடு திரும்பியது குறைவு. கோவில்பட்டி வீட்டில் டிவிக்கு மேலே இருந்த பலகையில் என் கோப்பைகள்தான் வரிசையாக நிற்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன். அந்த வாயால் நான் செய்த காரியத்தை இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தால் இப்போதும் முகம் சுடுகிறது. யாரும் படிக்காமல் போனாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தாத்தாவுக்கு எண்பது வயது என்று அப்பா கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் எண்பதாம் பிறந்தநாள் என்ற வழக்கமே கிடையாது. ஆடு மேய்த்த குடும்பம். பிறகு கொஞ்சம் கரிசல் காட்டை வாங்கிக் கம்பும் உளுந்தும் பருத்தியும் போட்டவர்கள். ஆட்டுக்குப் பல்லைப் பார்த்து வயது சொல்லுவோம், மனுஷனுக்கு யாரும் பார்த்ததில்லை. அப்பா அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்த ஒருவர் தன் தகப்பனாருக்கு எண்பதாம் கல்யாணம் நடத்தியதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஆச்சி காலமாகிவிட்டதால் கல்யாணம் என்று செய்ய முடியாது. பிறந்தநாள் விழாவாகவாவது செய்வோம் என்றார். ரேஷன் கார்டில் இருந்த வயதை வைத்து ஒரு தேதியையும் குறித்தார்.

தாத்தா எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த தன் கிராமத்திலிருந்து வந்து இதைக் கேட்டுவிட்டு, "எண்பது கார்டுக்கா எனக்கா?" என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

நிகழ்ச்சி நிரலை அப்பா அலுவலக வெள்ளைத்தாளில் எழுதினார். முதலில் விளக்கேற்றுதல், பிறகு அவருடைய வரவேற்புரை, ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் வாழ்த்து, அதன்பின் பேரன் வாழ்த்துரை. கடைசியாகத் தாத்தாவுக்குப் பொன்னாடை, தாத்தாவின் ஏற்புரை, சாப்பாடு. எனக்கு ஏழு நிமிஷம். என் அலுவலகக்காரர்களும் வருவார்கள், உன் கல்லூரித் தமிழ் வாத்தியாரையும் கூப்பிட்டிருக்கிறோம், நம் குடும்பத்து மானமே உன் வாயில்தான் இருக்கிறது என்றார் அப்பா. பாவம், அவர் சொன்னது சரிதான்.

ஏழு நிமிஷப் பேச்சு என்பது லேசுப்பட்டதில்லை. எங்கள் வாத்தியார் அதற்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் ஒரு நிமிஷம் சபையை விளிப்பதற்கு. வயது, உறவு, பதவி பார்த்து, யாரையும் விடாமல், யாரையும் முன்னும் பின்னும் மாற்றாமல் அழைக்க வேண்டும். அதிலேயே கோபித்துக்கொண்டு எழுந்து போகிற மாமன்மார் உண்டு. அடுத்து, கேட்கிறவன் நிமிர்ந்து உட்கார்கிற மாதிரி ஒரு வாக்கியம். அதற்குப் பின் மூன்று சம்பவங்கள்: முதல் சம்பவத்தில் சிரிக்க வை, இரண்டாவதில் பெருமைப்படுத்து, மூன்றாவதில் கண் கலங்க வை. கண் கலங்கினதும் நீட்டாதே, வாழ்த்தி முடித்துவிடு. சம்பவத்தைச் சொல்லும்போது பொதுவாகப் பேசக் கூடாது. ஒரு சட்டை என்று சொல்லாதே, காலர் கிழிந்த நீலச் சட்டை என்று சொல்; சின்ன விவரம் இருந்தால்தான் சபை நம்பும் என்பார். அந்தச் சின்ன விவரத்தில்தான் நான் விழுந்தேன்.

தாத்தா பஸ் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றது, கிணறு வெட்டியது என்று முதல் இரண்டு சம்பவங்கள் வீட்டிலேயே கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

தாத்தா அன்று குட்டிகளுக்குக் காது வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவரிடம் இருபது உருப்படி ஆடுதான் இருந்தது. ஆனாலும் அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். குட்டி பிறந்து ஒரு மாசம் போலானதும் அதைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நம் ஆடு என்று அடையாளம் தெரியக் காது நுனியைக் கத்தியால் சின்னதாக வெட்டுவார். வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அப்புவார். குட்டி ஒரு தடவை கத்திவிட்டுத் தாயிடம் ஓடிவிடும். நான் ஓரமாக உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, தாத்தா, உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாதது என்ன என்று பத்திரிகைக்காரன் மாதிரி கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். எதற்காவது பயந்திருக்கிறீர்களா என்றேன். பாம்புக்கு என்றார். கடைசியாக, பொய் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஊர் முன்னால ஒண்ணு சொல்லிருக்கேன்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்பு ஒரு பஞ்சகாலம். மழை பொய்த்து, காட்டில் எருக்கலையைத் தவிரப் பச்சை கிடையாது. அந்தச் சமயத்தில் தாத்தாவின் ஆட்டுக் கிடையிலிருந்து, குட்டி போட்டுப் பத்து நாள்கூட ஆகாத வெள்ளாடு ஒன்று காணாமல் போனது. தேடி அலைந்து அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்தது. ஆளைத் தாத்தாவுக்கு முகப்பழக்கம் உண்டு. வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். உள்ளே கட்டிலில் அவன் பெண்சாதி காய்ச்சலில் கிடக்கிறாள், பக்கத்தில் கைப்பிள்ளை. அந்த ஆள் வெள்ளாட்டில் கறந்த பாலைத் துணித்திரியில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைக்கிறான். தாத்தா கூப்பிடாமல் திரும்பிவிட்டார்.

ஆனால் வேறு யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். வளர்ந்த வெள்ளாட்டின் காதில் பச்சைப் புண் இருந்தால் மேய்க்கிறவன் எவனும் சந்தேகப்படுவான். காது வெட்டுவது குட்டியில்தானே. நாலு ஊர் ஆடுமேய்ப்பவர்கள் கூடி, அந்த ஆளையும் ஆட்டையும் நடுவில் நிறுத்தி, தாத்தாவை அழைத்துவந்து, இது உன் ஆடா என்று கேட்டார்கள். காதில் புழு வைத்தது, அதனால் வெட்டினேன் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். ஆமாம் என்று தாத்தா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனை எந்த மேய்ச்சல் காட்டிலும் அண்ட விடமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டியில் அவன் ஆடு வாய் வைக்க முடியாது. பஞ்சத்தில் அது சாவுக்குச் சமம்.

தாத்தா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் குரல் கேட்டு ஆடு கத்திக்கொண்டு வந்துவிடும். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டிவிட்டு, கையையும் விரித்துக் காட்டிவிட்டு நடந்துவிட்டார். அவ்வளவுதான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாமல், மூன்றாவது சம்பவம் கிடைத்துவிட்டது என்றுதான் மனதுக்குள் ஓடியது. ஆள் யார் என்று கேட்டேன். தாத்தா மஞ்சள் கிண்ணத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டார். சரி, காதை எப்படி வெட்டியிருந்தான் என்று கேட்டேன். அதை மட்டும், கைக்காரியம் என்பதால் யோசிக்காமல், குட்டியின் காதைப் பிடித்து விரலால் காட்டியே சொன்னார். நம் அடையாளம் இடது காது நுனியில் ஒரு முக்கோண வெட்டு. அவன் அந்த நுனியையே நேராக அரிந்து எடுத்துவிட்டான், முக்கோணம் மறைந்துவிட்டது. பிறகு வலது காதின் கீழ் ஓரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு வெட்டு. நான் எழுதிக்கொண்டேன்.

தாத்தா அப்போதுதான் நோட்டைக் கவனித்தார். "ஏலே, இதெல்லாம் அதுல ஏத்தாத. அவிய இன்னும் இருக்காவ" என்றார்.

பேரைச் சொல்ல மாட்டேன் தாத்தா, எனக்கே தெரியாதே என்று சிரித்தேன். அவர் அடுத்த குட்டியைப் பிடித்தார். அவர் சம்மதித்துவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன்.

கல்லூரி விடுதிக்குத் திரும்பி ஒரு வாரம் மொட்டை மாடியில் பேசிப் பழகினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி, பின்பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டேன். அறைத்தோழன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எட்டு நிமிஷம் வந்தது. பஸ் கண்டக்டர் கதையில் அரை நிமிஷம் வெட்டினேன். எங்கள் ஜில்லாவில் பாஞ்சாலங்குறிச்சியைத் தொடாமல் மேடை இறங்குகிற பேச்சாளன் கிடையாது. நான் அதையும் எடுத்துவிட்டு வெள்ளாட்டுக்கு இடம் வைத்தேன். கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன்: அந்தத் துணித்திரியில் பால் குடித்த குழந்தை இன்று இதே ஜில்லாவில், நாற்பது வயது மனிதராக, யாருக்கோ தகப்பனாக, தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருப்பார். இதைச் சொன்னதும் அறைத்தோழன் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டான். அப்போதே எனக்குத் தலை கால் புரியவில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலிகளில் அலுவலகக்காரர்களும் வாத்தியாரும் என் அறைத்தோழனும். அவர்களுக்குப் பின்னால் முழுக்க எங்கள் ஆட்கள். கரிசலில் பத்துப் பதினைந்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். முன்வரிசையின் ஓரத்தில் எங்கள் அத்தையின் மாமனார், வெள்ளைச் சட்டையும் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். குளத்தூர்ப் பக்கம் ஊர். தாத்தாவுக்கு ஒரே மகள் அத்தை; இருபது வருஷத்துக்கு முன்பு அந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தது. அத்தைக்கு வாய்த்த மாமா தங்கமான மனுஷன். சம்பந்தி வீட்டுக்காரன் என்று உட்காராமல் அன்று காலையிலிருந்து சமையல்கட்டில் நின்று தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டிருந்தார்.

விழாவுக்கென்று அந்தப் பெரியவர் நல்ல கிடா ஒன்றும் கொண்டுவந்திருந்தார். காலையில் மண்டபத்துப் பின்னால் அதைக் கட்டியபோது நான் அந்த வழியாகத்தான் போனேன். அதன் காதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டவுனில் வளர்ந்தவன் எவன் ஆட்டின் காதைப் பார்க்கிறான்?

என் முறை வந்தது. மைக் உயரத்தைச் சரிசெய்தேன். அது ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. விளிக்கும்போது யாரையும் விடவில்லை. "எங்கள் குடும்பத்தின் உறவுக்கே உதாரணமாக விளங்கும், அத்தையின் மாமனார் பெரியவர் அவர்களே" என்று அவரைத் தனியாக வேறு அழைத்தேன். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். அடுத்ததாக, "என் தாத்தா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறார்" என்றேன். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அதை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கண்டக்டர் கதைக்குப் போனேன். சிரித்தார்கள். தாத்தா மேட்டுக் காட்டில் கிணறு வெட்டிய கதைக்குக் கைதட்டினார்கள். மூன்றாவதுக்கு வந்தேன்.

பஞ்சம், காணாமல் போன வெள்ளாடு, வேலிக்கு வெளியே தாத்தா, கட்டிலில் காய்ச்சல், துணித்திரி. அலுவலகப் பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் அவர்களையே பார்த்துப் பேசினேன். பஞ்சாயத்துக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தி, கையில் ஒரு காதைப் பிடித்திருக்கிற மாதிரி காட்டி, "இடது காது நுனி நேராக அரியப்பட்டிருந்தது. வலது காதின் கீழோரத்தில், பக்கம் பக்கமாக, இரண்டு வெட்டு" என்றேன்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு விழுந்த அமைதியை நான் என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கரிசல்காட்டில் ஆடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதடையாளம் உண்டு. ஒரு வீட்டு வெட்டு இன்னொரு வீட்டுக்குக் கிடையாது. தகப்பன் வெட்டியதைத்தான் மகன் வெட்டுவான். சந்தையிலும் மேய்ச்சலிலும் மனுஷனின் பேரைக் கேட்பதற்கு முன்பு ஆட்டின் காதைப் பார்ப்பார்கள். அந்த மண்டபத்தில் எங்கள் ஆட்கள் முந்நூறு பேராவது இருந்தார்கள். அத்தனை பேருக்கும், வலது காதின் கீழோரத்தில் இரண்டு வெட்டு என்றால் அது எந்த வீடு என்று தெரியும். எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது. நான் பேரைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்கு வழியே காட்டிவிட்டேன்.

தெரியாமலே கடைசி வரிக்கும் போனேன். அந்தக் குழந்தை இன்று நாற்பது வயது மனிதராக, தலை நிமிர்ந்து, என்று சொல்லும்போது சமையல்கட்டு வாசலில் மாமா தோளில் குடத்தோடு நின்றார். முந்நூறு பேரும் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். குடத்தை மெதுவாக இறக்கி வைத்தார். அந்தக் குழந்தை அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்வரிசையில் அத்தையின் மாமனார் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

வாழ்த்தி முடித்தேன். அலுவலகக்காரர்கள் மட்டும் கைதட்டினார்கள். தட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் யாரும் தட்டாததைக் கண்டு நிறுத்தினார்கள்.

அப்பா அவசர அவசரமாகப் பொன்னாடையைப் போர்த்தினார். நிரலின்படி அடுத்து ஏற்புரை. தாத்தா இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒரு நாளும் மைக்கைத் தொடாதவர். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்தார். வாய்க்கு மிகவும் கிட்டத்தில் பிடித்ததால் அவர் மூச்சுவிடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வந்தவியளுக்கெல்லாம் கும்பிடு. பேரன் நல்லாப் பேசுனான். பேச்சுக்காரன்லா, கேக்க நல்லா இருக்கணும்னு அஞ்சாறு சேத்துத்தான் சொல்லுவான். அந்த ஆடு என் ஆடு இல்ல. அன்னைக்கும் இல்லன்னேன், இன்னைக்கும் அதத்தான் சொல்லுதேன். காதுல புழு வச்சுருந்துச்சு, அதுக்குத்தான் வெட்டுனது."

எண்பது வயது மனிதர், தனக்கு எடுத்த விழாவில், பொன்னாடை போட்ட கையோடு, முந்நூறு பேர் முன்னால் பொய் சொன்னார். அதோடு விடவில்லை. அவரே எனக்கு ஒரு வழியும் காட்டினார். மைக்கோடு என் பக்கம் திரும்பி, "ஏலே, நீ சேத்துச் சொன்னதுதானே? சொல்லு" என்று மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

ஒரு ஆமாம் போதும். கதை பெரிதாக இருக்கட்டுமே என்று நானே கட்டினேன், மன்னிச்சுக்கிடுங்க என்று சொன்னால் முடிந்தது. சின்னப் பயல், வாய்க்கொழுப்பு என்று என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். நம்பாதவர்களும் நம்பின மாதிரி இருந்திருப்பார்கள்; அதுதானே எங்கள் ஊர் மரியாதை. அத்தையின் மாமனார் தலையைத் தூக்கி என் வாயையே பார்த்தார்.

நான் பேசவில்லை.

எதனால் என்று பல தடவை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பயம் இல்லை. மூன்றாவது நாற்காலியில் என் வாத்தியார் இருந்தார். அறைத்தோழன் இருந்தான். டிவி மேலே கோப்பைகள் இருந்தன. பொய்க்கதை சொல்லிக் கண் கலங்க வைக்கிறவன் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களே என்று அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது. அது ஒன்றுதான் ஓடியது. ஏழு நிமிஷத்துக்கு எழுநூறு வார்த்தை வைத்திருந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. மைக் என் பல்லில் லேசாக இடித்தது. பிறகு அவரே அதை இறக்கிவிட்டு, எல்லாரும் வாங்க, சாப்பிடுவோம் என்றார்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். அத்தையின் மாமனாரும் சாப்பிட்டார். கைநனைக்காமல் போனால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றுதான் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பந்தியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் அவரிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். மாமாதான் பரிமாறினார். தகப்பனார் இலைக்கு வந்ததும் குனிந்து கறியை வைத்துவிட்டு, நிமிராமல் அடுத்த இலைக்குப் போனார். சாப்பாடு முடிந்ததும் அத்தையும் மாமாவும் பெரியவரும் கிளம்பினார்கள். அத்தை என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, திட்டக்கூட இல்லை. உனக்கு என்னடா செஞ்சோம் என்று மட்டும் கேட்டாள். கொண்டுவந்த கிடா பின்னால் கட்டியபடியே நின்றது. பந்திக்கு வேறு ஆடு வெட்டியிருந்தார்கள்; இதைத் தாத்தா வெட்ட விடவில்லை.

மறுநாள் காலையில் தாத்தாவை ஊரில் கொண்டுபோய் விட நான்தான் போனேன். பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் வெளியே பார்த்தார். இறங்கி, தொழுவம் வரைக்கும் நடந்து, படலைத் திறந்துகொண்டே சொன்னார்.

"நான் ஊர் முன்னால ரெண்டு தடவ பொய் சொல்லிருக்கேன். ஒன்ன ஒண்ணு சொல்லச் சொன்னா ஒனக்கு வாய் வரல."

அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. அதை ஒரு தண்டனை மாதிரி சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஏறாததால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைத்துவிடவில்லை. வாத்தியார் மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

சம்பந்தி வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அத்தையை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு தீபாவளிக்கு அவள் தனியாக வந்திருந்தபோது அம்மாவிடம் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அந்த வருஷம் பிறந்த குட்டிகளுக்கு அவள் மாமனார் காது வெட்டவில்லையாம். கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு குட்டியை மடியில் போட்டிருக்கிறார். அப்படியே இறக்கி விட்டுவிட்டாராம். அவருடைய பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து வந்த வெட்டு. அதற்குப் பதில் முதுகில் சாயம் பூசிவிடுகிறார்கள். மழை பெய்தால் கரைந்துபோகிறது, மேய்ச்சலில் கலந்தால் நம் குட்டி எது என்று தெரியவில்லை, இரண்டு போய்விட்டது என்றாள் அத்தை. போனதைத் தேடிக்கொண்டு இன்னொருவர் கிடைக்குப் போக அவர் மறுத்துவிட்டாராம். நான் எப்படிப் போய் என் ஆட்டைக் காணோம் என்று கேட்பேன் என்றாராம்.

நாலு வருஷம் கழித்து, ஒரு மாசி மாதத்தில் தாத்தா போனார். அத்தையின் மாமனார் வந்தார். வராமல் இருந்துவிடுவாரோ என்று அப்பா பயந்துகொண்டிருந்தார். வந்து, கோடித்துணி போட்டு, சடலத்தின் காலைத் தொட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் தள்ளிப் போட்டிருந்த பெஞ்சியில் தனியாக உட்கார்ந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். எல்லாரும் சுடுகாட்டுக்குப் போய் வந்து, குளித்து, ஒவ்வொரு வேனாகக் கிளம்பிப் போனபிறகும் அங்கேயே இருந்தார். மாமா பஸ்ஸுக்கு நேரம் பார்க்கப் போயிருந்தார்.

நாலு வருஷமாக நான் மனதுக்குள் பழகி வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். அவர் பக்கத்தில் போய்த் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அன்னைக்கு மண்டபத்தில் நான் பேசியது பொய் தாத்தா, எல்லாம் நானே சேர்த்துச் சொன்னது என்றேன். குரல் நடுங்காமல்தான் வந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"இப்ப யாருட்டய்யா சொல்லுத?" என்றார். "கேட்டவிய எல்லாம் அன்னைக்கே சாப்ட்டுட்டுப் போயிட்டாவளே."